நாற்பது ஃபான்ட் கோப்புக்குப் பதில் ஒன்றே போதுமா? (பலகார லேபிள்)

காரைக்குடி_பலகாரம், 3 செப்டம்பர் 2024, இரவு 10.15

தீபாவளிக்கு எட்டு வாரம் இருக்கிறது. இந்த வருசமாவது லேபிளை ஒழுங்காக அடிக்க வேண்டும். எங்களிடம் பதினொரு பலகாரம். லேபிள் அகலம் 50 மி.மீ., ஓரம் போகப் பெயருக்கு 44 மி.மீ. கிடைக்கும். தேன்குழல், மணகோலம், அதிரசம் எல்லாம் நன்றாக உட்கார்ந்துவிடும். 'பாசிப்பருப்பு மாவுருண்டை' வரும்போது இடம் பத்தாது. லேபிள் போடுகிற தம்பி அந்தப் பெயரை மட்டும் பக்கவாட்டில் அமுக்கி உள்ளே தள்ளிவிடுகிறார். பார்த்தால் நசுங்கின மாதிரி இருக்கிறது. எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அனெக் தமிழ் என்ற ஃபான்ட் பிடித்திருந்தது, இறக்கினேன். ஸிப்பைப் பிரித்தால் `static` என்ற கோப்புறைக்குள் நாற்பது கோப்பு. வெளியே தனியாக ஒன்று: `AnekTamil-VariableFont_wdth,wght.ttf`. அந்த ஒன்றே நாற்பதுக்கும் சமம் என்கிறாள் மகள். அப்படியானால் நாற்பதையும் கூடவே ஏன் கொடுக்கிறார்கள்? நான் எதைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும்?

தேவகோட்டை_லேஅவுட், 3 செப்டம்பர், இரவு 11.02

மகள் சொன்னது சரிதான், ஆச்சி. நாற்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அனெக் தமிழில் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை எட்டு நிலை: 100, 200 என்று தொடங்கி 800 வரை. அகலத்தில் ஐந்து நிலை: 75, 87.5, 100, 112.5, 125. எட்டை ஐந்தால் பெருக்கினால் நாற்பது. ஒவ்வொரு சேர்க்கையையும் தனிக் கோப்பாகச் செய்து வைத்ததுதான் அந்தக் கோப்புறை.

வெளியே இருக்கிற ஒற்றைக் கோப்புதான் வேரியபிள் ஃபான்ட். அதில் அந்த இரண்டு அளவும் இரண்டு அச்சுகளாக இருக்கின்றன. `wght` தடிமன் அச்சு, `wdth` அகல அச்சு. இரண்டையும் தனித்தனியே நகர்த்தலாம். நாற்பது நிலைகளில்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. தடிமன் 640, அகலம் 83 என்று நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். உங்கள் 44 மி.மீ. பிரச்சினைக்கு அதுதான் மருந்து.

நாற்பதையும் கொடுப்பது பழைய மென்பொருளுக்காக. ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதால் மெனுவில் ஒன்றோடொன்று குழம்பும். பட்டியலில் 'போல்டு' இரண்டு முறை வரும், எது எதிலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

அமுக்கினால் ஏன் நசுங்குகிறது என்பதை நாளை காலை எழுதுகிறேன். அதுதான் இதில் முக்கியமான விஷயம்.

புதுவயல்_பிரஸ், 4 செப்டம்பர், காலை 6.20

அகல அச்சுக்குத் தனி மெஷின் வேண்டும். 50 மி.மீ. லேபிளுக்கு மினி ஆஃப்செட்டே போதும். ஆச்சி எதற்கு அகல அச்சுக்குப் போக வேண்டும்? தடிமன் அச்சு என்றால் மை கூட விடுவதா?

தேவகோட்டை_லேஅவுட், 4 செப்டம்பர், காலை 7.05

அண்ணே, தவறு என்னுடையது. 'அச்சு' என்றால் உங்களுக்கு அச்சடிப்பதுதானே முதலில் தோன்றும். நான் சொன்னது வண்டி அச்சு மாதிரி, வரைபடத்தின் அச்சு மாதிரி. இனி ஆக்சிஸ் என்றே எழுதுகிறேன்.

இப்போது நசுங்கின விஷயம். 'பாசிப்பருப்பு' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏழு எழுத்தில் ஐந்து இடத்தில் ப வருகிறது. ப என்பது என்ன? இரண்டு நிற்கும் கோடு, கீழே ஒரு படுத்த கோடு. நல்ல ஃபான்ட்டில் மூன்றும் கண்ணுக்கு ஒரே தடிமனாகத் தெரியும். அந்தத் தடிமன் 10 என்று வையுங்கள். தம்பி பெயரைப் பக்கவாட்டில் 75 சதவீதத்துக்கு அமுக்கும்போது பக்கவாட்டில் இருக்கிற எல்லாமே 75 ஆகிறது. அதில் நிற்கும் கோட்டின் தடிமனும் சேர்த்தி. அது 7.5 ஆகிவிடும். படுத்த கோட்டின் தடிமன் மேலும் கீழுமாக இருப்பதால் அது 10-லேயே நிற்கும். ஆக ப-வின் கால்கள் மெலிந்து, அடி மட்டும் கனத்துப்போகிறது. ஒரு பெயருக்குள் ஐந்து தடவை அதே கோளாறு. பக்கத்து லேபிளில் அமுக்காத 'அதிரசம்' இருந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். உங்கள் கண் பிடித்தது அதைத்தான்.

அகல ஆக்சிஸ் இப்படி அமுக்குவதில்லை. ஒடுங்கிய எழுத்தை வடிவமைத்தவர் தனியாக வரைந்திருக்கிறார். அதில் ப-வின் வயிறு குறுகியிருக்கும், கோடுகளின் தடிமன் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ணை, ஞ மாதிரிச் சுழியும் வளைவும் உள்ள எழுத்துகளில் உள்ளே வெள்ளை அடைபடாமல் எங்கே குறைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். அமுக்குகிற மவுஸுக்கு அந்த யோசனை கிடையாது.

சோதிக்க எளிய வழி: ப-வை மட்டும் 400 சதவீதம் பெரிதாக்கிக் காலையும் அடியையும் அளந்து பாருங்கள். அடி தடித்திருந்தால் யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.

பள்ளத்தூர்_தளம், 4 செப்டம்பர், மதியம் 1.30

இணையதளம் செய்கிற எல்லோரும் இதற்கு மாற வேண்டும். நாற்பது கோப்பு ஒன்றாகிறது என்றால் பக்கம் நாற்பது மடங்கு வேகமாக வரும். நான் என் வாடிக்கையாளர் தளம் ஒன்றில் நேற்று மாற்றிவிட்டேன்.

தேவகோட்டை_லேஅவுட், 4 செப்டம்பர், இரவு 9.45

கோப்பு நாற்பது ஒன்றாவது சரி. நாற்பது மடங்கு வேகம் என்பது அப்படி இல்லை, தம்பி. உலாவி நாற்பதையும் ஒருபோதும் இறக்காது. உன் பக்கத்தில் எந்தத் தடிமன் வருகிறதோ அந்தக் கோப்பை மட்டும் இறக்கும். சாதா, போல்டு இரண்டு மட்டும் இருக்கிற பக்கத்தில் முன்பு இறங்கியது இரண்டே கோப்புதான். அவற்றைத் தூக்கிவிட்டு முழு வேரியபிள் கோப்பை வைத்தால் எடை கூடவும் கூடும்.

ஏன் என்று உள்ளே பார்க்கலாம். சாதா ஃபான்ட் கோப்பில் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளாக இருக்கும். வேரியபிள் கோப்பில் அந்தப் புள்ளிகள் ஒரு முறைதான் இருக்கும். கூடவே ஒவ்வொரு புள்ளிக்கும் குறிப்பு இருக்கும்: தடித்தால் நீ இவ்வளவு தள்ளு, ஒடுங்கினால் இவ்வளவு உள்ளே வா என்று. ஒரு பேச்சுக்கு ப-வின் இடது காலின் தடிமன் 100-ல் 20 அலகு, 800-ல் 160 அலகு என்று வைத்துக்கொள். 450 கேட்டால் இரண்டுக்கும் நடு, 90. அந்த நடுவை யாரும் வரைந்து வைக்கவில்லை, கணக்குப் போட்டு வருகிறது. எழுத்துகளைச் சேர்க்கிற விதிகளும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற பட்டியலும் ஒரே பிரதிதான். தமிழில் அந்தச் சேர்க்கை விதிகளுக்கும் ஒரு கனம் உண்டு. நாற்பது கோப்பில் அது நாற்பது தடவை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும்.

ஆக இந்த ஒரு கோப்பு நாற்பதின் கூட்டுத்தொகையைவிட மிகச் சிறியது, ஆனால் நாற்பதில் ஏதாவது ஒன்றைவிடப் பெரியது. உன் பக்கத்தில் எத்தனை நிலை பயன்படுகிறது என்பதை வைத்துத்தான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும். என் அனுபவத்தில் மூன்று, நான்கு நிலை வந்தபிறகுதான் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

தேவகோட்டை_லேஅவுட், 5 செப்டம்பர், காலை 8.10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 450 என்றால் சரியாக நடு என்று சொன்னேன். இரு கோடிக்கும் நடுவே நேர்கோட்டில் போனால்தான் அந்தக் கணக்கு. பல ஃபான்ட்களில் `avar` என்று ஓர் அட்டவணை இருக்கும். அது அந்த நேர்கோட்டை வளைத்துவிடும். கண்ணுக்கு 300-லிருந்து 400 போவதும் 600-லிருந்து 700 போவதும் ஒரே படி மாதிரித் தெரிய வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர் அப்படிச் செய்கிறார். அதனால் 450-ன் தடிமனைப் பேனா வைத்துக் கணக்கிட்டால் நிஜத்தோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

அகலத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். `wdth` 80 என்றால் பெயர் சரியாக 80 சதவீத நீளத்துக்கு வரும் என்று நம்பாதீர்கள், ஆச்சி. எண் ஒரு வழிகாட்டிதான். ஸ்லைடரை இழுத்து, 44 மி.மீ.க்குள் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கோனாபட்டு_வாசகி, 5 செப்டம்பர், மாலை 4.40

நான் பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் அடிப்பவள். இந்த ஒற்றைக் கோப்பைப் போட்டேன். வேர்டில் ஸ்லைடர் எதுவும் வரவில்லை. எங்கே தேடுவது?

தேவகோட்டை_லேஅவுட், 5 செப்டம்பர், மாலை 6.15

வேர்டில் அப்படி ஒரு ஸ்லைடரே இல்லை, டீச்சர். வினாத்தாளுக்குச் சாதாவும் போல்டும் போதும். இப்போது போட்டதை எடுத்துவிட்டு, `static` கோப்புறையிலிருந்து `AnekTamil-Regular.ttf`, `AnekTamil-Bold.ttf` இரண்டை மட்டும் போடுங்கள். உங்கள் வேலைக்கு அதுதான் சுத்தம்.

புதுவயல்_பிரஸ், 6 செப்டம்பர், காலை 5.50

ஆக்சிஸ் விளங்கியது. எங்கள் அப்பச்சி காலத்தில் ஈய எழுத்து. 12 பாயின்ட் சாதாவுக்கு ஒரு கேஸ், 12 பாயின்ட் தடிப்புக்கு ஒரு கேஸ், 18-க்கு மறுபடியும் இரண்டு. அழைப்பிதழில் மாப்பிள்ளை பேர் நீளமாக வந்தால் எழுத்தை ஒடுக்க முடியாது. ஊர்ப் பேரைக் கீழே இறக்குவோம், இல்லாவிட்டால் சின்ன பாயின்ட்டுக்குப் போவோம். இப்போது ஒரே கேஸில் எல்லாம் கிடைக்கிறது என்கிறீர்கள்.

இது நேற்று வந்த விஷயம்தானா? 90-களில் அடோபி இதே மாதிரி ஒன்று வைத்திருந்ததாக ஞாபகம். அப்புறம் இன்னொன்று. நாங்கள் இன்னும் பேஜ்மேக்கரில் பாமினிதான். பாமினிக்கு இந்த வேரியபிள் கிடைக்குமா?

தேவகோட்டை_லேஅவுட், 6 செப்டம்பர், காலை 9.30

ஞாபகம் சரி, அண்ணே. அடோபி 1991-ல் 'மல்டிபிள் மாஸ்டர்' என்று கொண்டுவந்தது. ஆப்பிளும் 90-களில் இதே யோசனையை வேறு வழியில் முயன்றது. இரண்டும் பரவவில்லை. 2016 செப்டம்பரில் வார்சாவில் நடந்த ஒரு மாநாட்டில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து ஓப்பன்டைப் 1.8 என்று அறிவித்தபோதுதான் எல்லோருக்கும் ஒரே விதி வந்தது. நாம் பேசுவது அதைத்தான்.

பாமினிக்கு வாய்ப்பில்லை. யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றம் அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழே வராது, வேரியபிள் எப்படி வரும்? இந்த லேபிள் வேலைக்கு மட்டும் இன்க்ஸ்கேப்பைத் திறந்து பாருங்கள், இலவசம். பதிப்பு 1.0-லிருந்து ஆக்சிஸ் ஸ்லைடர் இருக்கிறது. கோரல்டிராவில் 2020 பதிப்பிலிருந்து, இன்டிசைனிலும் 2020-லிருந்து வருகிறது.

காரைக்குடி_பலகாரம், 8 செப்டம்பர், இரவு 9.00

தம்பியிடம் இருப்பது பழைய கோரல், ஸ்லைடர் இல்லை. மகள் இன்க்ஸ்கேப்பில் முயன்றாள். தடிமன் 700, அகலம் 100 வைத்தபோது பெயர் 54 மி.மீ. நீளம் வந்தது. ஒவ்வொன்றாகக் குறைத்து 81-ல் 44-க்குள் உட்கார்ந்தது. ப-வை 400 சதவீதம் வைத்து அளந்தோம். காலும் அடியும் ஒத்துப்போகின்றன. பழைய லேபிளில் அளந்தால் காலைவிட அடி நன்றாகவே தடிப்பு. நான்கு வருசமாக அப்படியேதான் விற்றிருக்கிறோம்.

கேள்வி: தம்பி பழைய கோரலை விடமாட்டார், மற்ற டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 81 என்ற இடத்தை மட்டும் தனியாக வெட்டி அவருக்குக் கொடுக்க முடியுமா?

தேவகோட்டை_லேஅவுட், 8 செப்டம்பர், இரவு 10.20

முடியும். fonttools என்ற பைதான் கருவியில் ஒரு வரி. கோப்பின் பெயரை முதலில் `AnekTamil.ttf` என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

```
fonttools varLib.instancer AnekTamil.ttf wght=700 wdth=81 -o Label81.ttf
```

இரண்டு ஆக்சிஸையும் ஒரு புள்ளியில் அறைந்துவிட்டோம். வெளியே வருவது ஸ்லைடர் இல்லாத சாதாரண ஃபான்ட், எந்தப் பழைய மென்பொருளுக்கும் இது மற்ற ஃபான்ட் மாதிரிதான். நாற்பதில் இல்லாத நாற்பத்தொன்றாவது கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. கோப்பின் பெயர் `Label81` ஆனாலும் உள்ளே ஃபான்ட் பெயர் 'அனெக் தமிழ்' என்றே இருக்கும். தம்பியிடம் ஏற்கெனவே அனெக் இருந்தால் இரண்டில் எது வரும் என்று சொல்ல முடியாது. ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து குடும்பப் பெயரையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள். அனெக் திறந்த உரிமத்தில் வந்தது, இப்படி மாற்றத் தடையில்லை.

பள்ளத்தூர்_தளம், 11 செப்டம்பர், மதியம் 12.10

அண்ணே, என் தளத்தில் ஒரு சிக்கல். வேரியபிள் கோப்பு இறங்குகிறது, ஆனால் 500 போட்டால் 400 மாதிரியே இருக்கிறது. 600, 700, 800 மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றன. `font-stretch` என்ன எண் போட்டாலும் அகலம் அசையவில்லை. தலைப்பில் 'கண்டாங்கிச் சேலை' என்று வருகிறது, ண-வின் சுழியெல்லாம் மை ஊறின மாதிரி அடைந்துபோய்விட்டது. ஃபான்ட் கெட்டுப்போய்விட்டதா?

தேவகோட்டை_லேஅவுட், 11 செப்டம்பர், மதியம் 2.45

ஃபான்ட் நன்றாகத்தான் இருக்கிறது. நீ சொன்ன அறிகுறிகளே எதனால் என்று சொல்கின்றன. `@font-face`-ல் தடிமனுக்கு வரம்பு கொடுக்காமல் விட்டிருப்பாய். அப்போது உலாவி இதை 400 மட்டுமே உள்ள ஃபான்ட் என்று எடுத்துக்கொள்கிறது. 500 கேட்டால் கையில் இருக்கிற 400-ஐக் கொடுக்கும். 600-க்கு மேல் கேட்டால் போல்டு இல்லையே என்று தானாகவே எழுத்தைச் சுற்றிப் பூசித் தடிக்க வைக்கும். அது போலித் தடிப்பு. அதனால்தான் மூன்றும் ஒன்றுபோல் இருக்கின்றன, சுழியும் அடைகிறது. உண்மையான 700-ல் சுழியின் உள்வெள்ளைக்கு இடம் விட்டு வரைந்திருப்பார்கள். அகலத்துக்கும் இதே கதைதான், வரம்பு சொல்லாவிட்டால் 100-லேயே நிற்கும்.

இப்படி எழுது:

```css
@font-face {
  font-family: "Kadai";
  src: url("kadai.woff2") format("woff2");
  font-weight: 100 800;
  font-stretch: 75% 125%;
}
```

சோதனைக்கு ஒரே வரியை 400, 500, 600, 700, 800 என்று ஐந்து தடிமனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வை. படி படியாக ஏறினால் வேலை செய்கிறது. இரண்டே வகை தெரிந்தால் இன்னும் போலித் தடிப்புதான்.

பள்ளத்தூர்_தளம், 11 செப்டம்பர், மாலை 5.30

ஐந்தும் ஐந்தாகத் தெரிகின்றன! நான் இதற்கிடையில் `font-variation-settings: "wght" 700` போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிடவா?

தேவகோட்டை_லேஅவுட், 11 செப்டம்பர், இரவு 8.00

எடுத்துவிடு. அது ஒன்றோடொன்று சேராது, மொத்தமாக மேலெழுதும். பெற்றோர்ப் பெட்டியில் `"wght" 700` போட்டு, உள்ளே இருக்கிற சொல்லுக்கு `"wdth" 80` மட்டும் போட்டால் அந்த 700 மறைந்துபோகும். நான் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தொலைத்திருக்கிறேன். கொடுத்த வேலை ஒரு விலைப்பட்டியல், போல்டாக இருந்த வரிகள் ஒவ்வொன்றாக மெலிந்துபோயின, காரணம் விளங்கவில்லை. தடிமனுக்கு `font-weight`, அகலத்துக்கு `font-stretch` என்று தனித்தனியாகப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தொடாது.

அதே விலைப்பட்டியலில் கற்றுக்கொண்ட இன்னொன்று உனக்கு உதவும். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் அது போல்டாக வேண்டும் என்று கேட்டார்கள். போல்டானதும் எழுத்து அகன்று, கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பட்டியல் முழுக்கக் குதிக்கும். இரண்டு ஆக்சிஸ் கையில் இருந்ததால் தடிமனை 700-க்கு ஏற்றும்போதே அகலத்தை 94 ஆக்கினேன். வரி இருந்த இடத்திலேயே நின்று தடித்தது. நாற்பது கோப்புகளில் 94 என்று ஒன்று இல்லை.

பள்ளத்தூர்_தளம், 14 செப்டம்பர், காலை 10.00

கோப்பு பெரிதாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்கிறார். எனக்கு 400 முதல் 700 வரையும், அகலம் 75 முதல் 100 வரையும்தான் வேண்டும்.

தேவகோட்டை_லேஅவுட், 14 செப்டம்பர், காலை 11.40

ஆச்சிக்குப் புள்ளியில் அறைந்தோம். உனக்கு வரம்பை வெட்டினால் போதும், ஸ்லைடர் உயிரோடு இருக்கும். அப்புறம் தேவையில்லாத எழுத்துகளைக் கழித்துவிடலாம்.

```
fonttools varLib.instancer AnekTamil.ttf wght=400:700 wdth=75:100 -o kadai.ttf
pyftsubset kadai.ttf --unicodes="U+0020-007E,U+0B80-0BFF,U+200C,U+200D,U+20B9,U+25CC" --layout-features="*" --flavor=woff2 --output-file=kadai.woff2
```

`U+20B9`-ஐ விட்டுவிடாதே, அது ₹. முதல் முறை நான் தமிழ் எழுத்துகளும் ஆங்கிலமும் போதும் என்று வெட்டினேன். எண்களெல்லாம் அனெக்கில் வந்தன, ₹ மட்டும் வேறு ஃபான்ட்டிலிருந்து வந்து மெலிந்து நின்றது. வாடிக்கையாளர் அம்மாதான் கண்டுபிடித்தார். வெட்டிய பிறகு சிஎஸ்எஸ்ஸில் வரம்பையும் `400 700`, `75% 100%` என்று மாற்ற வேண்டும்.

அகல ஆக்சிஸ் உன் தளத்தில் எங்கேயும் நகரவில்லை என்றால் `wdth=100` என்று அறைந்துவிடு. ஆக்சிஸ் ஒன்று முழுதாகப் போனால் அதற்கான தள்ளல் குறிப்புகளும் போகும், எடை நன்றாகவே இறங்கும்.

புதுவயல்_பிரஸ், 22 செப்டம்பர், காலை 6.05

ஆச்சி லேபிள் பிடிஎஃப் என்னிடம்தான் வந்திருக்கிறது, சிவகாசிக்கு அனுப்ப வேண்டும். அவர்களிடம் இந்த வேரியபிள் ஃபான்ட் இல்லை என்றால் எழுத்து மாறிவிடாதா?

தேவகோட்டை_லேஅவுட், 22 செப்டம்பர், காலை 8.30

பிடிஎஃப்புக்குள் வேரியபிள் ஃபான்ட் போகவே போகாது, அண்ணே. ஏற்றுமதி செய்யும்போது நிறுத்தி வைத்த புள்ளியின் வடிவத்தை மட்டும் சாதாரண ஃபான்ட்டாக உள்ளே வைத்துவிடும். அதனால் சிவகாசியில் எதுவும் இருக்கத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். சில மென்பொருள் திரையில் 700 காட்டும், ஏற்றுமதியில் சத்தமில்லாமல் ஃபான்ட்டின் இயல்பு நிலையை, அதாவது 400, 100-ஐ வைத்துவிடும். எனக்கு ஒரு மணி விழா அழைப்பிதழில் அப்படி ஆனது. தலைப்பு மெலிந்து, பெட்டியை விட்டு வெளியே நீண்டது. அச்சகத்தார் கேட்டதால் தப்பித்தேன். அதற்குப்பின் பிடிஎஃப்பை மறுபடி திறந்து, திரையில் இருந்ததோடு பக்கத்தில் வைத்து நீளத்தை அளக்காமல் அனுப்புவதில்லை. ஆச்சி லேபிளில் 'பாசிப்பருப்பு மாவுருண்டை' 44 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நீண்டு வந்தால் கோளாறு. இது ஒரு வரி லேபிள்தானே, சந்தேகமாக இருந்தால் எழுத்தைக் கோடாக மாற்றியே அனுப்பச் சொல்லுங்கள்.

புதுவயல்_பிரஸ், 22 செப்டம்பர், காலை 9.15

ஸ்கேல் வைத்து அளந்தேன். 44.

காரைக்குடி_பலகாரம், 9 அக்டோபர், இரவு 9.50

லேபிள் வந்துவிட்டது. பதினொரு பெயரும் ஒரே உயரம், ஒரே தடிப்பு. தம்பியின் கம்ப்யூட்டரில் இப்போது மூன்றே கோப்பு: பெயருக்கு அகலம் 100, நீளமான பெயருக்கு 81, பொருள் பட்டியலுக்குத் தடிமன் 450, அகலம் 75. மூன்றும் அந்த ஒரு கோப்பிலிருந்து வெட்டியவை.

ஒரு குறை. பொருள் பட்டியலை 75-ல் போட்டது சரியா என்று தெரியவில்லை. கடைக்கு வருகிற பெரியவர்களிடம் காட்டினேன். பெயரை எட்ட வைத்துப் படித்துவிடுகிறார்கள். பட்டியலில் 'நெய், சர்க்கரை, ஏலக்காய்' என்பதைக் கிட்டக் கொண்டுவந்தும் தடுமாறுகிறார்கள்.

புதுவயல்_பிரஸ், 10 அக்டோபர், காலை 5.45

அது எழுத்து ஒடுங்கினதால் இல்லை, ஆச்சி. அரக்குக் கலரில் வெள்ளை எழுத்து போட்டீர்கள். ஆறு பாயின்ட்டில் சுற்றியிருக்கிற மை உள்ளே வந்து எழுத்தைத் தின்றுவிடும். கறுப்பில் அடித்திருந்தால் 75-ஐயும் படிப்பார்கள்.

தேவகோட்டை_லேஅவுட், 10 அக்டோபர், காலை 8.20

அண்ணே சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். வெள்ளை எழுத்தை மை தின்பது உண்மை, அதற்குத் தடிமனை 450-லிருந்து 520 மாதிரி ஏற்றினால் ஈடுகட்டலாம். ஆனால் ஒடுங்கின 'க்கா'வில் உள்ளே இருக்கிற வெள்ளையும் சுருங்கியிருக்கிறது, தடிமனை ஏற்றினால் அது இன்னும் சுருங்கும். ஆறு பாயின்ட் தமிழை 75-க்குக் கொண்டுபோவதே அதிகம் என்று எனக்குப் படுகிறது. 87 வைத்து, பட்டியலை இரண்டு வரியாக உடைத்திருப்பேன்.

புதுவயல்_பிரஸ், 10 அக்டோபர், காலை 8.55

இரண்டு வரிக்கு இடம் ஏது? கீழே எடையும் தேதியும் இருக்கிறதே.

காரைக்குடி_பலகாரம், 10 அக்டோபர், இரவு 10.10

அடுத்த ரோலுக்கு முன் நான்கு மாதிரி அடித்துப் பார்க்கிறேன்: 75-ம் 87-ம் கறுப்பில், 75-ம் 87-ம் வெள்ளையில். கடையில் வைத்து எந்தப் பொட்டலத்தைப் பெரியவர்கள் கண்ணாடி போடாமல் படிக்கிறார்கள் என்று குறித்து வைக்கிறேன். அண்ணே, நாலுக்கும் சேர்த்து ஒரே தாளில் போட்டுத் தருவீர்களா?

புதுவயல்_பிரஸ், 11 அக்டோபர், காலை 5.40

வியாழக்கிழமை மெஷின் சும்மா இருக்கும். ஃபைலை அனுப்புங்கள்.